வலிக்காத சிறு புண்: நீரிழிவு உள்ளவரின் காலில் ஆறாத காயத்தை அணுகும் முறை

நீரிழிவுப் பாதப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு, ஒரே வகையான நோயாளி திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறார். வயது 58, வாகன ஓட்டுநர், 14 ஆண்டுகளாக நீரிழிவு. காலுறையில் ஈரக்கறை இருப்பதை மனைவி கவனித்து அழைத்து வந்திருந்தார். வலது பெருவிரலுக்கு அடியில், பாதம் தரையில் ஊன்றும் இடத்தில், மஞ்சள் நிறத்தில் தடித்த காய்ப்பு. அதன் நடுவே 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. "வலியே இல்லைங்க டாக்டர், அதனாலதான் மூணு வாரமா விட்டுட்டேன்" என்றார். அவர் பயப்படாமல் இருந்ததற்கு எது காரணமோ, அதுவே நான் பயந்ததற்கும் காரணம். காலில் துளை விழுந்திருக்கிறது, மூன்று வாரமாக அதன் மேல் நடந்திருக்கிறார், வலிக்கவில்லை என்றால், அந்தப் பாதத்தில் உணர்வு இல்லை என்றே பொருள்.

நீரிழிவு உள்ளவரின் கணுக்காலுக்குக் கீழே தோல் முழு ஆழத்துக்கு உடைந்திருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஒரு வேலை நாளுக்குள் பாத மருத்துவக் குழுவிடமோ, அந்த வசதி இல்லையென்றால் நீரிழிவு அல்லது அறுவை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். 'இரண்டு வாரம் பார்ப்போம்' என்ற அணுகுமுறை உணர்வுள்ள காலுக்குப் பொருந்தலாம், இந்தக் காலுக்குப் பொருந்தாது. ஏற்கெனவே இரண்டு மூன்று வாரம் கடந்துவிட்டிருந்தால் இன்றே கிளம்ப வேண்டும்.

புண் ஏன் ஆறாமல் நிற்கிறது

'சர்க்கரை அதிகமாக இருப்பதால் புண் ஆறவில்லை' என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. இரத்தத்தில் குளுக்கோஸ் தொடர்ந்து உயர்ந்திருந்தால் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. ஆனால் உள்ளங்கால் புண்ணைப் பொறுத்தவரை அது முதன்மைக் காரணம் அல்ல. முதன்மைக் காரணம் அழுத்தம்.

உணர்வுள்ள காலில் ஒரு கொப்புளம் வந்தால் நாம் அறியாமலேயே நொண்டி நடக்கிறோம். எடையை வெளிப்பக்கமாகச் சாய்த்து, அந்த இடத்துக்கு ஓய்வு தருகிறோம். நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு இந்த நொண்டல் வருவதில்லை. ஒரு நாளில் வைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளில் ஒவ்வொன்றும் அதே இடத்தில் விழுகிறது. தோல் தன்னைக் காத்துக்கொள்ளக் காய்ப்பு போடுகிறது. காய்ப்பு தடிக்கத் தடிக்கக் காலணிக்குள் அகப்பட்ட கல்லைப் போல அடியிலுள்ள சதையை அழுத்துகிறது. சதை நசுங்கி இரத்தம் கசிந்து, நீர் கோத்து, கடைசியில் வெளியே துளை விழுகிறது. ஆகவே வெளியில் தெரியும் துளை புண்ணின் தொடக்கம் அல்ல, உள்ளே பல நாட்களாக நடந்ததன் முடிவு. காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலே அடியில் புண் உருவாகிவிட்டதாகக் கருத வேண்டும்.

தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் முன்பே இதை வலியுறுத்தினார். அந்நோயாளிகளின் சதை இயல்பிலேயே அழுகும் தன்மையுடையது என்று நம்பப்பட்ட காலத்தில், வலி உணராமல் மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்வதால்தான் புண் ஆறவில்லை என்றும், சுமையை நீக்கினால் அதே சதை ஆறுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் அதே விளக்கம் பொருந்துகிறது.

இரண்டாவது காரணம் இரத்த ஓட்டக் குறைவு. முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகள் அடைபட்டிருந்தால், அழுத்தத்தை நீக்கினாலும் சதை வளர்வதற்கான பிராணவாயு வந்து சேராது. விரல் நுனியிலும் குதிகால் ஓரத்திலும் பாதத்தின் விளிம்பிலும் வரும் புண்களில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலிப்பது இதன் வழக்கமான அறிகுறி. நரம்பு மரத்திருந்தால் அந்த வலியும் தெரியாமல் போகலாம்.

அவசரம் எதனால்

பெருவிரலின் அடியில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் கொழுப்புப் படலம் மட்டுமே. அதன் வழியாகத் தசைநாண்கள் தம் உறைகளுக்குள் பாதத்தின் நடுப்பகுதி வரை ஓடுகின்றன. துளை வழியே புகுந்த கிருமி அந்த உறையை அடைந்துவிட்டால், ஒரு குழாய்க்குள் நீர் ஓடுவதுபோல ஓரிரு நாட்களில் பாதத்தின் உட்பகுதிக்குப் போய்விட முடியும். அங்கே இடம் குறுகலானது. வீக்கம் வெளியே விரிய வழியில்லாமல் உள்ளேயே நெருக்க, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, விரல் கறுக்கத் தொடங்குகிறது. மேலே தெரிவது அதே 5 மில்லிமீட்டர் துளைதான்.

எச்சரிக்கை மணிகளும் இங்கே சரியாக ஒலிப்பதில்லை. வலி இல்லை. கடுமையான பாதத் தொற்று உள்ளவர்களில் கூடக் கணிசமானோருக்குக் காய்ச்சல் வருவதில்லை. காரணமில்லாமல் சர்க்கரை அளவு திடீரென ஏறி, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாமல் நிற்பதே பல நேரங்களில் முதல் அறிகுறி. நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்கு, அதற்கு முன் காலில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண் சிறியதாக இருந்த நாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

முதல் படி: பாருங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் காலணி, காலுறை இல்லாமல் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம்; பார்வை குறைந்தவருக்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டும். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்க்க மறக்கக் கூடாது.

புண்ணின் மிக நீளமான பக்கத்தையும், அதற்குக் குறுக்கே மிக அகலமான பக்கத்தையும் மில்லிமீட்டரில் அளந்து தேதியுடன் எழுதுங்கள். அளவுகோலைப் புண்ணின் மேல் படவிடாமல் பக்கத்தில் பிடித்து ஒரு புகைப்படம் எடுங்கள். சுற்றிலும் சிவப்பு இருந்தால், அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு வரைந்து நேரத்தையும் குறியுங்கள். ஆறு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், தொற்று பரவுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கருமையான தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஆகவே புறங்கையால் இரு பாதங்களையும் ஒரே இடத்தில் மாறி மாறித் தொட்டு, எது அதிகச் சூடாக இருக்கிறது, எது பளபளவென்று இறுகி வீங்கியிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

உணர்வு இருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே ஓரளவு அறியலாம். அவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடிகள் மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுதல்களில் இரண்டு அல்லது அதற்கு மேல் அவர் உணரவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் சொன்ன ஓட்டுநர் ஆறில் ஒன்றை மட்டுமே உணர்ந்தார்.

இரண்டாம் படி: இன்றா, இந்த மணி நேரமா

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

- சிவப்போ சூடோ புண்ணின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் பரவியிருத்தல், அல்லது கோடு போலக் காலில் ஏறுதல்
- விரலோ தோலோ நீலமாக, கறுப்பாக மாறுதல். பாதம் வெளிறிச் சில்லிட்டிருத்தல்
- சீழ், துர்நாற்றம், கருநீலக் கொப்புளம், தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்ற உணர்வு
- காய்ச்சல், நடுக்கம், வாந்தி, குழப்பம், வேகமான மூச்சு
- இதுவரை மரத்திருந்த காலில் புதிதாக வலி தோன்றுதல்

கடைசியாகச் சொன்னதைப் பலர் நல்ல அறிகுறி என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். உணர்வு திரும்பிவிட்டது என்று மகிழ்கிறார்கள். மரத்த காலிலும் வலி எழுகிறதென்றால், ஆழத்தில் சீழ் நெருக்குகிறது என்றே முதலில் எண்ண வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், முன்பே சொன்னபடி ஒரு வேலை நாளுக்குள் காட்டினால் போதும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கியிருந்தாலும் அன்றே காட்டுங்கள். எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் சார்கோ பாதமாக அது இருக்கலாம்.

மூன்றாம் படி: மருத்துவரைக் காணும் வரை

அந்தக் காலில் எடையை வைக்காமல் இருப்பதே முதல் மருந்து. கழிப்பறைக்குப் போவது போன்ற தவிர்க்க முடியாத நடையைத் தவிர மற்ற நேரம் உட்கார்ந்தோ படுத்தோ இருக்க வேண்டும். இயன்றால் ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ பயன்படுத்த வேண்டும். புண்ணைக் கிருமி நீக்கிய சலைனால், அல்லது கொதிக்க வைத்து ஆறிய சுத்தமான நீரால் மென்மையாகக் கழுவி, ஒட்டாத துணிப்பட்டையால் மூடி, இறுக்காமல் கட்டுங்கள். அவ்வளவு போதும்.

செய்யக் கூடாதவை இதைவிட முக்கியம். வெந்நீரில் காலை ஊற வைக்கக் கூடாது; மரத்த கால் வெப்பத்தை உணராமல் வெந்துபோன நிகழ்வுகளைக் கண்டிருக்கிறேன். ஆணிக்கால் பட்டைகளில் சாலிசிலிக் அமிலம் உள்ளது. அது நல்ல தோலையும் அரிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவதுபோலத் தோன்றும், ஆனால் புதிதாக வளரும் சதையையும் அது கொல்கிறது. காய்ப்பை பிளேடால் வீட்டிலேயே சீவக் கூடாது. வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கவும் கூடாது. தொற்று இல்லாத புண்ணை அது ஆற்றாது. தொற்று இருக்கும் புண்ணில், பின்னால் எடுக்கப்போகும் பரிசோதனையின் முடிவைக் குழப்பிவிடும்.

நான்காம் படி: மருத்துவமனையில் நடக்க வேண்டியவை

மேலோட்டமாகப் பார்த்து, களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அந்தப் பரிசோதனை முழுமையானது அல்ல. என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நீங்களே பணிவாகக் கேட்கலாம்.

முதலில் காய்ப்பையும் இறந்த திசுவையும் கத்தியால் அகற்றுவார்கள். அதன் பிறகே புண்ணின் உண்மையான அளவு தெரியும். ஓட்டுநரின் 5 மில்லிமீட்டர் துளை, காய்ப்பை நீக்கிய பின் நீளம் 14, அகலம் 11 மில்லிமீட்டர் என்று விரிந்தது. 'டாக்டர் வெட்டிப் பெரிதாக்கிவிட்டார்' என்று குடும்பத்தினர் மனம் வருந்துவது இயல்பு. மறைந்திருந்தது வெளிப்பட்டது என்பதே சரி.

அடுத்து, கிருமி நீக்கிய மழுங்கிய உலோகக் கம்பியை மெல்லப் புண்ணுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். கடினமாகத் தட்டுப்பட்டால் எலும்பு வரை புண் எட்டியிருக்கிறது. எலும்பிலும் தொற்று இருக்கக்கூடும். எக்ஸ்ரே எடுப்பார்கள், ஆனால் எலும்புத் தொற்றின் மாற்றங்கள் எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஆகவே முதல் படம் இயல்பாக இருந்தால் நிம்மதியடைந்துவிடாமல், சந்தேகம் நீடித்தால் மறுபடியும் எடுக்க வேண்டும், அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். விரல் முழுவதும் தடித்து உருண்டு சிவந்திருப்பதும் எலும்புத் தொற்றைச் சுட்டும். கிருமிப் பரிசோதனைக்கு மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்து எடுப்பதைவிட, சுத்தம் செய்த பிறகு அடித்தளத்திலிருந்து சிறிது திசுவை எடுப்பதே நம்பத்தக்கது.

இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை ஒரு கண்ணி உண்டு. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். ஆனால் நீரிழிவில் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகுவதால், அழுத்தம் பொய்யாக உயர்ந்து, அடைப்பு உள்ள காலும் இயல்பாகத் தோன்றலாம். ஓட்டுநருக்கு விகிதம் 1.4 வந்தது. அது நல்ல செய்தி அல்ல, நம்ப முடியாத எண். விரல்களின் தமனிகள் அவ்வளவாக இறுகுவதில்லை என்பதால் பெருவிரலில் அழுத்தத்தை அளந்தார்கள். 68 மில்லிமீட்டர் பாதரசம் வந்தது, புண் ஆறப் போதுமான அளவு. அது 30க்குக் கீழே இருந்திருந்தால், இரத்தக் குழாய் நிபுணரிடம் அவசரமாக அனுப்பி, ஆஞ்சியோபிளாஸ்டி அல்லது பைபாஸ் தேவையா என்று பார்த்திருக்க வேண்டும்.

அவருக்குப் புண்ணைச் சுற்றி ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் சிவப்பும் சூடும் இருந்தன, கம்பி எலும்பில் தட்டவில்லை, எக்ஸ்ரே இயல்பு. லேசான தொற்று என்று வகைப்படுத்தி, வாய்வழி ஆன்டிபயாடிக் தரப்பட்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்த இன்சுலின் அளவு திருத்தப்பட்டது.

ஐந்தாம் படி: சுமையை உண்மையாகவே நீக்குவது

பெரும்பாலான சிகிச்சைகள் இங்கேதான் தோற்கின்றன. களிம்பு எது, கட்டு எது என்று ஆராயும் அளவுக்கு, அந்தக் கால் எப்படி ஊன்றுகிறது என்று யாரும் ஆராய்வதில்லை.

பாதத்தின் முன்பகுதியில் அடியில் உள்ள புண்ணுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை உயர்ந்து, நோயாளியால் கழற்ற முடியாதபடி அமையும் உறையே முதல் தேர்வு. காலோடு முழுமையாகப் பொருந்தும் மாவுக்கட்டாக அது இருக்கலாம். அல்லது நடைக்காப்புப் பூட்ஸைக் கழற்ற முடியாதபடி கட்டி வைத்ததாக இருக்கலாம். எடை முழுப் பாதத்துக்கும் காலின் சுவருக்கும் பகிர்ந்து போவதால் புண்ணின் மேல் விழும் அழுத்தம் பெரிதும் குறைகிறது. கடுமையான தொற்றோ கடுமையான இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் இதைப் போடக் கூடாது. புண்ணை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஓட்டுநருக்குத் தொற்று இருந்ததால் முதல் இரண்டு வாரம் கழற்றக்கூடிய பூட்ஸ் தரப்பட்டது. தொற்று அடங்கியது. ஆனால் புண்ணின் அளவு 14க்கு 10 என்றே நின்றது. விசாரித்தபோது, வெளியே போகும்போது தவறாமல் அணிந்ததாகவும், வீட்டுக்குள் 'நாலு அடிதானே' என்று கழற்றிவிட்டதாகவும் அவர் மனைவி தயங்கியபடி சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வலி இல்லாதவரிடம் வலிக்கும் என்பதுபோல நடந்துகொள்ளச் சொல்கிறோம். அத்தகைய பூட்ஸ்களை நோயாளிகள் தம் அடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அணிந்திருந்ததாக அளவீடுகளும் காட்டியுள்ளன. தொற்று நீங்கியிருந்ததால் இப்போது கழற்ற முடியாத மாவுக்கட்டு போடப்பட்டது. வாரம் ஒருமுறை பிரித்து, காய்ப்பைச் சீவி, அளந்து, மீண்டும் கட்டினார்கள். கட்டு இருக்கும் நாட்களில் துர்நாற்றம், நனைதல், இறுக்கம், காய்ச்சல் ஏதேனும் இருந்தால் வாரம் முடியும் வரை காத்திராமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆறாம் படி: நான்கு வாரக் கணக்கு

ஆறுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் மதிப்பிடக் கூடாது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் போதும். முதல் நாள் 14 பெருக்கல் 11, அதாவது 154 சதுர மில்லிமீட்டர். பூட்ஸ் அணிந்த இரண்டு வாரத்தின் முடிவில் 140. குறைவு ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு மட்டுமே. மாவுக்கட்டில் நான்கு வாரம் கழித்து 9 பெருக்கல் 6, அதாவது 54. நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகவாவது குறைந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. 140இலிருந்து 54 என்பது ஏறத்தாழ 61 விழுக்காடு குறைவு.

பாதிகூடக் குறையவில்லை என்றால், அதே கட்டை இன்னும் நான்கு வாரம் தொடர்வதில் பயனில்லை. அழுத்தம் உண்மையில் நீங்கியதா, இரத்த ஓட்டம் சரியாக அளக்கப்பட்டதா, எலும்பில் தொற்று ஒளிந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் அந்த வரிசையில் மறுபடியும் கேட்க வேண்டும். விலையுயர்ந்த சிறப்புக் கட்டுகளின் பேச்சு அதற்குப் பிறகுதான். வழக்கமான இடத்தில் இல்லாமல் தோன்றி, விளிம்பு தடித்து வளரும் புண்ணென்றால், புற்றுநோயா என்று அறியத் திசுப் பரிசோதனையும் தேவைப்படும்.

ஏழாம் படி: தோல் மூடிய பிறகு

மொத்தம் பதினொரு வாரத்தில் ஓட்டுநரின் புண் மூடியது. ஆனால் அவருடைய நரம்பு திரும்பவில்லை, பெருவிரலின் எலும்பு அதே இடத்தில்தான் அழுத்துகிறது. ஆறிய புண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. மாவுக்கட்டைக் கழற்றிய அன்றே பழைய காலணிக்குத் திரும்புவது அந்தப் பட்டியலில் சேர்வதற்கான நேர்வழி.

அவருக்குப் பாதத்தின் அச்செடுத்து, பெருவிரலின் அடியில் பள்ளம் விட்ட உள்தட்டு செய்யப்பட்டது. காலணி, மிக நீண்ட விரலைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமாக, மேற்பகுதி விரல்களில் உரசாத ஆழத்துடன் அமைந்தது. முதல் நாள் அரை மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பார்த்து, சிவப்பு ஏதும் இல்லையென்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டினார். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடப்பதில்லை. அணியும் முன் காலணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். காய்ப்பைச் சீவ மாதம் ஒருமுறை வருகிறார். அவர் மனைவி இரவில் இரு பாதங்களிலும் ஆறு இடங்களில் வெப்பமானியை வைத்து எண்களை ஒரு நோட்டில் எழுதுகிறார். ஒரு காலில் அதே இடம் மறு காலைவிட 2.2 டிகிரி செல்சியஸ் அதிகமாக இரண்டு நாள் நீடித்தால், நடையைக் குறைத்துவிட்டு எங்களை அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருமுறை அப்படி அழைத்தார். காய்ப்புக்குள் ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி இருந்தது. சீவி, உள்தட்டின் பள்ளத்தை ஆழப்படுத்தினோம். தோல் உடையவில்லை.